ஆய்வேட்டின் கலந்துரையாடலில் புள்ளியியல் பொருண்மையும் நடைமுறை முக்கியத்துவமும்



இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு தொடர். தமிழ் கற்றல் கற்பித்தல் பற்றிய ஆய்வேடுகளில், குறிப்பாகக் கலந்துரையாடல் இயலில், அடிக்கடி காணும் தொடர் அது: 'குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது.' இத்தொடரைப் படிக்கும் ஆசிரியர் என்ன பொருள் கொள்கிறார்? நம் அன்றாட வழக்கில் 'குறிப்பிடத்தக்க மழை பெய்தது' என்றால் நல்ல மழை என்று பொருள். 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்றால் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம். ஆனால், ஆய்வேட்டில் அத்தொடர் பெரும்பாலும் அப்பொருளில் வருவதில்லை. கணினித் திரையில் ஓர் எண் 0.05ஐவிடச் சிறியதாக இருந்தது என்பதே அங்கு அதன் பொருள். எழுதுபவர் ஒன்றைக் கருதி எழுத, படிப்பவர் வேறொன்றைக் கருதிப் படிக்கிறார். சில வேளைகளில் எழுதுபவரே தம் தொடரால் ஏமாந்துபோகிறார். நானும் அவ்வாறு ஏமாந்தவன்தான். அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஆகவே இவ்வுரையில் இரண்டையும் இரு பெயரால் அழைக்கிறேன். கிடைத்த வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியுமா என்ற வினாவுக்குரிய விடையைப் 'புள்ளியியல் பொருண்மை' என்பேன். அவ்வேறுபாடு வகுப்பறைக்கு எவ்வளவு பயன்படும் என்ற வினாவுக்குரிய விடையை 'நடைமுறை முக்கியத்துவம்' என்பேன். முன்னதைக் கணினி சொல்லும். பின்னதை ஆய்வாளரே சொல்லவேண்டும். அதைச் சொல்வதற்கான இடமே கலந்துரையாடல் இயல்.

ஓர் ஆய்வேட்டைக் கற்பனையாக அமைத்துக்கொள்வோம். இது எவருடைய ஆய்வேடும் அன்று. எண்கள் கணக்கிட எளிதாக இருக்கவேண்டும் என்பதற்காக நானே அமைத்தவை. தமிழ்ப்பள்ளிகளில் நான்காம் ஆண்டு பயிலும் மாணவர்கள் லகர, ளகர, ழகரங்களை மயங்கி எழுதுவதை நாம் அறிவோம். 'பல்லி', 'பள்ளி' என்பனவற்றையும் 'வால்', 'வாள்', 'வாழ்' என்பனவற்றையும் காதால் கேட்டுப் பிரித்தெழுத இடர்ப்படுகிறார்கள். ஓர் ஆய்வாளர் இதற்கென ஒரு புதிய பயிற்சி முறையை உருவாக்குகிறார். 800 மாணவர்கள் அம்முறையில் பயில்கிறார்கள். வேறு 800 மாணவர்கள் வழக்கமான முறையில் பயில்கிறார்கள். காலம் 20 வாரம். வாரத்திற்கு இரண்டு பாடவேளை. ஆக 40 பாடவேளை. இறுதியில் அனைவருக்கும் 100 சொற்களைக் கொண்ட சொல்வதெழுதுதல் தேர்வு நடைபெறுகிறது. வழக்கமான குழு சராசரியாக 70.0 சொற்களைப் பிழையின்றி எழுதுகிறது. புதிய முறைக் குழு 71.2 சொற்களை எழுதுகிறது. இரு குழுவிலும் மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 8. மாணவர்களின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து ஏறத்தாழ எட்டு எட்டுச் சொற்கள் மேலும் கீழுமாகப் பரவிக் கிடக்கின்றன என்று அதற்குப் பொருள் கொள்ளலாம்.

ஆய்வாளர் டி-சோதனை செய்கிறார். எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளின் அட்டவணையில் `Sig. (2-tailed)` என்னும் தலைப்பின்கீழ் `.003` என்று வருகிறது. அவர் மகிழ்கிறார். கலந்துரையாடலில் இவ்வாறு எழுதுகிறார்: 'இரு முறைகளுக்குமிடையே மிகவும் குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது. எனவே இப்புதிய முறை மாணவர்களின் எழுத்துப் பிழையைக் களைவதில் பெரும்பயன் அளிக்கிறது. எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இதனை நடைமுறைப்படுத்த வேண்டும்.'

இப்பத்தியில் மூன்று வாக்கியங்கள் உள்ளன. முதல் வாக்கியத்திலிருந்து இரண்டாவது பிறக்கவில்லை. இரண்டாவதிலிருந்து மூன்றாவதும் பிறக்கவில்லை. ஏன் என்று பார்ப்போம்.

அந்த `.003` என்ன சொல்கிறது? இரு முறைகளுக்கும் உண்மையில் எவ்வேறுபாடும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். புள்ளியியலார் இதனை இன்மைக் கருதுகோள் என்பர். வேறுபாடே இல்லாவிட்டாலும், இன்ன மாணவர் இன்ன குழுவில் சேர்ந்தார் என்னும் தற்செயலால் மட்டுமே இரு சராசரிகளும் சற்று விலகி நிற்கக்கூடும். அவ்வாறு 1.2 சொல் அளவுக்கோ அதற்கு மேலோ விலகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ மூன்று என்பதே அந்த எண்ணின் செய்தி. ஆகவே, தற்செயல் மட்டுமே காரணம் என்று கொள்வது கடினம். அவ்வளவுதான். புதிய முறை நல்லதாக இருக்கும் வாய்ப்பு 99.7 விழுக்காடு என்று அதற்குப் பொருள் இல்லை. வேறுபாடு பெரிது என்றும் அது சொல்லவில்லை.

இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை ஒருமுறை கையால் கணக்கிட்டுப் பார்த்தால் ஐயம் தீரும். மாணவர்களே, இதை வீட்டில் தாளும் பென்சிலும் கொண்டு செய்து பாருங்கள். வேறுபாட்டைத் திட்டப் பிழையால் வகுத்தால் டி-மதிப்பு கிடைக்கும். திட்டப் பிழை என்பது திட்ட விலக்கத்தையும் மாணவர் எண்ணிக்கையையும் பொறுத்தது:

```
SE = 8 × √(1/800 + 1/800) = 0.4
t  = 1.2 / 0.4 = 3.0
```

இப்போது வேறு எதையும் மாற்றாமல் மாணவர் எண்ணிக்கையை மட்டும் குறைப்போம். குழுவுக்கு 100 பேர் என்றால் திட்டப் பிழை 1.13 ஆகிவிடும்; டி-மதிப்பு 1.06, பி-மதிப்பு 0.29. அதே முறை, அதே 1.2 சொல் வேறுபாடு. ஆனால் இப்போது அது 'குறிப்பிடத்தக்கது அன்று.' எதிர்த்திசையில் குழுவுக்கு 8000 பேர் என்றால், 0.3 சொல் வேறுபாடுகூடப் பொருண்மை பெற்றுவிடும். நூறு சொல்லில் மூன்றில் ஒரு சொல்! மாணவர்களின் எழுத்தில் எதுவும் மாறவில்லை. ஆய்வில் சேர்ந்த தலைகளின் எண்ணிக்கை மட்டுமே மாறியது. பி-மதிப்பில் வேறுபாட்டின் பருமனும் எண்ணிக்கையும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கலந்துரையாடலில் நம் முதல் வேலை இவ்விரண்டையும் பிரித்தெடுப்பது.

இக்குழப்பம் புதிதன்று. அமெரிக்க உளவியலாளர் எட்வின் போரிங், கணிதம் காட்டும் பொருண்மையும் அறிவியல் முக்கியத்துவமும் ஒன்றல்ல என்பதை 1919ஆம் ஆண்டிலேயே கட்டுரையாக எழுதினார். ரொனால்ட் ஃபிஷர் தம் புகழ்பெற்ற புள்ளியியல் நூலை வெளியிட்டது 1925இல். இன்று நாம் வேதவாக்காகக் கொள்ளும் ஐந்து விழுக்காட்டு எல்லை அந்நூலால் பரவியது. அதை அவர் வசதிக்காகக் கொண்ட எல்லையாகவே கூறினார். 2016இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகம் வெளியிட்ட அறிக்கையும், பி-மதிப்பு விளைவின் பருமனையோ முடிவின் முக்கியத்துவத்தையோ அளப்பதன்று என்று தெளிவாகக் கூறியது. அறிக்கைகள் வந்தன, ஆயினும் நம் ஆய்வேடுகளின் தொடர் மாறவில்லை.

இவ்விடத்தில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். என் முனைவர் பட்ட ஆய்வில் இரு வட்டார வழக்குகளின் உயிரொலிகளை அளந்தேன். ஆயிரக்கணக்கான சொற்களை ஒலிப்பதிவு செய்து, குறில் ஒலிக்கும் காலத்தை அளந்தபோது, ஒரு வட்டாரத்தில் அது சராசரியாக 6 மில்லிநொடி கூடுதலாக இருந்தது. பி-மதிப்பு 0.001க்கும் கீழ். 'இரு வட்டாரங்களும் குறில் ஒலிப்பில் மிக மிகக் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடுகின்றன' என்று எழுதினேன். பி-மதிப்பு சிறுக்கச் சிறுக்க வேறுபாடு பெருகுகிறது என்பது அன்று என் எண்ணம். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் ஒன்றே கேட்டார்: 'இந்த ஆறு மில்லிநொடியை எந்தக் காது கேட்கும்?' என்னிடம் விடை இல்லை.

தொல்காப்பியர் எழுத்தின் அளவை மாத்திரையால் கூறுகிறார். மாத்திரை என்பதற்கு அவர் தரும் அளவுகோல் கண்ணிமைப்பதும் விரல் நொடிப்பதும். மனிதர் உணரக்கூடிய ஒன்றையே அவர் அளவையாகக் கொண்டார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. இன்றைய கருவிகளால் அளந்தாலும் நெடில் குறிலைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நீள்கிறது. பொருளை மாற்றும் வேறுபாடு அது. 'கல்' வேறு, 'கால்' வேறு. என் குறில்கள் ஏறத்தாழ 80 மில்லிநொடி நீண்டவை. அவற்றில் ஆறு என்பது இயல்பான பேச்சில் செவி பிரித்துணரும் எல்லைக்குக் கீழே கிடப்பது. அந்த வேறுபாடு பொய்யன்று. ஒலியியல் கோட்பாட்டுக்கு அது ஒரு தடயமாகக்கூட இருக்கலாம். ஆனால், பேசுவோரும் கேட்போரும் அதைக் கொண்டு ஒருவரையொருவர் அடையாளம் காண்கிறார்கள் என்று நான் எழுதியிருந்தேனே, அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. என் அளவைக்கு முன்னால் எந்த அளவுகோலையும் நான் வைத்திருக்கவில்லை என்பதே என் தவறு.

நம் கற்பனை ஆய்வேட்டுக்குத் திரும்புவோம். 1.2 சொல் என்பதை எந்த அளவுகோலால் அளப்பது?

பலரும் கையாளும் வழி, வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுப்பது. 1.2ஐ 8ஆல் வகுத்தால் 0.15. இதனை விளைவு அளவு என்கிறோம். ஜேக்கப் கோஹன் 0.2ஐச் சிறியது என்றும், 0.5ஐ நடுத்தரம் என்றும், 0.8ஐப் பெரியது என்றும் வகுத்தார். வேறு வழிகாட்டல் இல்லாதபோது மட்டும் கொள்ளத்தக்க எல்லைகள் இவை என்று அவரே எச்சரித்திருக்கிறார். இரண்டாம் மொழிக் கல்வி ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய பிளான்ஸ்கியும் ஆஸ்வால்டும், இரு குழுக்களை ஒப்பிடும்போது அத்துறைக்கு 0.4, 0.7, 1.0 என்னும் எல்லைகளே பொருந்தும் என்று 2014இல் முன்மொழிந்தார்கள். எந்த எல்லையைக் கொண்டாலும் 0.15 மிகச் சிறியது. ஆயினும் 'விளைவு அளவு 0.15, இது சிறியது' என்று எழுதிவிட்டு நிறுத்துவதும் அரை வேலைதான். ஒரு சடங்கின் இடத்தில் இன்னொரு சடங்கு வந்து அமர்கிறது, அவ்வளவே. படிக்கும் ஆசிரியருக்கு 0.15 என்பது எதையும் காட்டாது.

அதையே வேறு வகையில் சொல்லிப் பாருங்கள். புதிய குழுவிலிருந்து ஒரு மாணவரையும் வழக்கமான குழுவிலிருந்து ஒரு மாணவரையும் குலுக்கலில் எடுத்து ஒப்பிட்டால், நூற்றுக்கு ஏறத்தாழ 54 முறை புதிய குழு மாணவர் முந்துவார். 46 முறை மற்றவர் முந்துவார். முறையே இல்லாவிட்டாலும் அது ஐம்பதுக்கு ஐம்பதாக இருந்திருக்கும். அல்லது இன்னும் நேராகச் சொல்லலாம்: 40 பாடவேளை உழைத்தபின் நூறு சொல்லில் ஒரு சொல் கூடுதலாகத் திருந்தியது. இவ்வாக்கியத்தைப் படிக்கும் எந்த ஆசிரியரும் தாமே முடிவு செய்துகொள்வார். சொல்வதெழுதுதல் போன்ற தேர்வுகளில் இவ்வசதி நமக்கு இயல்பாகவே உண்டு. அளவை அலகே ஒரு சொல். அதை விட்டுவிட்டுத் திட்ட விலக்கத்துக்குள் ஓடி ஒளியவேண்டியதில்லை.

எவ்வளவு முன்னேற்றம் போதுமானது என்பதை ஆய்வுக்கு முன்பே முடிவு செய்து எழுதிவைப்பது எல்லாவற்றிலும் சிறந்த வழி. அந்த வகுப்பைப் பல்லாண்டு கற்பித்த ஐந்தாறு ஆசிரியர்களிடம் தேர்வுத்தாளைக் காட்டி, 'இதற்காக 40 பாடவேளையை ஒதுக்குவதானால், குறைந்தது எத்தனை சொல் கூடுதலாகத் திருந்தவேண்டும்?' என்று கேட்கலாம். அவர்கள் 5 சொல் என்று சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதே தாளை ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கும் கொடுத்துப் பார்க்கலாம். அவர்கள் சராசரியாக 76 எழுதினால், ஓராண்டு வளர்ச்சி இயல்பாகவே ஏறத்தாழ 6 சொல் என்பது தெரிந்துவிடும். தரவு கைக்கு வந்தபிறகு இந்த எல்லையை வகுக்கக் கூடாது. அப்போது நம் மனம், கிடைத்த எண்ணுக்குச் சற்றுக் கீழேயே கோட்டை வரையும். இது மனித இயல்பு, குறைகூறிப் பயனில்லை.

இனி, அந்த 5 சொல்லுக்கு எதிராக எதை நிறுத்துவது? 1.2ஐ மட்டும் அன்று. நம்பக இடைவெளியை நிறுத்தவேண்டும். இந்த ஆய்வில் 95 விழுக்காட்டு நம்பக இடைவெளி 0.4 முதல் 2.0 சொல் வரை. இவ்விரண்டு முனைகளும் இரண்டு செய்திகளைத் தருகின்றன. கீழ்முனை பூச்சியத்துக்கு மேலே இருக்கிறது. அதுவே புள்ளியியல் பொருண்மை. மேல்முனை 5 சொல்லுக்கு மிகவும் கீழே இருக்கிறது. ஆகவே, உண்மையான விளைவு இந்த இடைவெளியில் மிக உயர்ந்த அளவாகவே இருந்தாலும் ஆசிரியர்கள் கேட்ட பயனை அது எட்டாது. இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துக் காட்டிவிடுகிறது இடைவெளி. கலந்துரையாடலைப் பின்வருமாறு திருத்தி எழுதலாம்:

'புதிய முறையில் பயின்றவர்கள் 100 சொற்களில் சராசரியாக 1.2 சொற்களைக் கூடுதலாகப் பிழையின்றி எழுதினர் (95 விழுக்காட்டு நம்பக இடைவெளி 0.4 முதல் 2.0 வரை). இதனைத் தற்செயல் என்று கொள்வதற்கு இடம் குறைவு. எனினும், இவ்விடைவெளியின் மேல் எல்லையும், ஆய்வுக்கு முன் ஆசிரியர்கள் பயனுள்ள முன்னேற்றமாகக் கருதிய 5 சொற்களுக்குக் கீழேயே உள்ளது. 40 பாடவேளைகளைக் கோரும் இம்முறையை இப்போதைய வடிவில் எல்லாப் பள்ளிகளுக்கும் பரிந்துரைக்க இம்முடிவு போதாது.'

மாணவர்கள் இப்படி எழுத அஞ்சுவதை அறிவேன். 'என் ஆய்வு தோற்றுவிட்டது என்று நானே எழுதுவதா?' என்று ஒரு மாணவி என்னிடம் கேட்டதுண்டு. ஆய்வு தோற்கவில்லை. 1600 பிள்ளைகளைக் கொண்டு, ஒரு முறையின் விளைவை இரண்டு சொல்லுக்கும் குறைவான இடைவெளிக்குள் அடக்கிக் காட்டியிருக்கிறது. தோற்றது முறை. அதை மறைத்துப் பரிந்துரை எழுதினால், அடுத்த ஆண்டு நூற்றுக்கணக்கான வகுப்புகளில் 40 பாடவேளை வாசிப்பிலிருந்தோ கட்டுரை எழுதுவதிலிருந்தோ கழிந்துபோகும். அந்த இழப்பை எந்த அட்டவணையும் காட்டப்போவதில்லை.

ஆனால், சிறிய வேறுபாடு என்றாலே பயனற்றது என்று நான் சொல்வதாகக் கொள்ளவேண்டா. அதே 1.2 சொல், 40 பாடவேளைக்குப் பதிலாக நாள்தோறும் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதிவைப்பதால் மட்டுமே கிடைத்திருந்தால், நான் மகிழ்ச்சியுடன் பரிந்துரைப்பேன். செலவு ஏதுமில்லையே. முக்கியத்துவம் எண்ணில் மட்டும் இல்லை; எண்ணுக்கும் அதற்குக் கொடுத்த விலைக்கும் இடையில் இருக்கிறது.

சராசரி ஒன்றை மறைக்கவும் கூடும். 800 பேரில் ஐந்தில் ஒரு பகுதியினராகிய 160 மாணவர்கள் ஆளுக்கு 6 சொல் முன்னேறி, எஞ்சிய 640 பேர் சிறிதும் முன்னேறாமல் இருந்தாலும் சராசரி அதே 1.2 தான். அந்த 160 பேரும் ஒலி வேறுபாட்டைக் கேட்டுணர முடியாத, பின்தங்கிய மாணவர்களாக இருந்தால், இந்த முறை அவர்களுக்குப் பெருந்துணை, மற்றவர்களுக்கு வீண். இப்படி ஓர் ஐயம் எழுந்தால் ஆய்வாளர் தரவைப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால், ஆய்வுத் திட்டத்தில் இல்லாமல் பின்னர்த் தேடிக் கண்டதாயின், அதைக் கலந்துரையாடலில் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். பல வகையாகப் பிரித்துப் பார்த்தால் ஏதேனும் ஒரு பிரிவில் ஒரு வேறுபாடு தற்செயலாகவே தலைகாட்டும்.

இதுவரை பேசியது, எண்ணிக்கை மிகுந்ததால் சிறு வேறுபாடும் பொருண்மை பெறும் நிலை. நம் துறையில் இது மிகக் கடுமையாகத் தாக்குவது தரவகமொழியியலில். இரு நாளிதழ்களின் தரவகங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு கோடிச் சொல் என்று கொள்வோம். ஒன்றில் 'ஆனால்' 30,000 முறையும் மற்றதில் 30,800 முறையும் வருகின்றன. கை-வர்க்கச் சோதனை செய்தால் பி-மதிப்பு ஏறத்தாழ 0.001 வரும். மாணவர் உடனே 'இரு இதழ்களின் நடையும் குறிப்பிடத்தக்க அளவில் வேறுபடுகின்றன' என்று எழுதிவிடுவார். ஆயிரம் சொல்லுக்கு 3.00, 3.08 என்பதே வேறுபாடு. அதாவது 12,500 சொற்களைப் படித்தால் ஓர் 'ஆனால்' கூடுதலாகக் காணலாம். இரண்டு இதழ்களையும் நாள்தோறும் படிக்கும் வாசகர்கூட இதை உணரமாட்டார். ஆடம் கில்கரிஃப் 2005இல் எழுதிய கட்டுரையொன்றில், மொழி ஒருபோதும் குலுக்கல்போல் அமைவதில்லை. ஆகவே தரவகம் போதிய அளவு பெரிதானால் இன்மைக் கருதுகோள் பெரும்பாலும் தள்ளுபடியாகிவிடும் என்று வாதிட்டார். ஒரு கட்டுரையில் ஒருமுறை வந்த சொல் அங்கேயே மீண்டும் வருவது இயல்பு. ஒரே பள்ளியில் பயிலும் மாணவர்களும் அவ்வாறே ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். ஒரே ஆசிரியர், ஒரே சூழல். நம் 800 மாணவர்கள் இருபது பள்ளிகளிலிருந்து வந்தவர்களானால், அவர்களை 800 தனித்தனிச் சான்றுகளாக எண்ணுவது மிகை. அந்த `.003` கூட அப்போது அவ்வளவு சிறியதாக நிற்காது. பள்ளிவாரியான வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளும் பகுப்பாய்வு செய்தபின்னரே அவ்வெண்ணை நம்பவேண்டும்.

இனி எதிர்நிலை. இதைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். ஆனால், நம் கல்லூரிகளில் எழுதப்படும் சிறிய ஆய்வேடுகளில் இதுதான் மிகுதியாக நேர்கிறது.

இன்னொரு மாணவி. அவருக்கு வாய்த்தது ஒரே பள்ளி, இரண்டு வகுப்புகள், குழுவுக்கு 12 பேர். அதே தேர்வு, அதே திட்ட விலக்கம். அவருடைய முறையில் பயின்றவர்கள் 5.6 சொல் கூடுதலாக எழுதினார்கள். விளைவு அளவு 0.7. இரு குழுவிலிருந்தும் ஒவ்வொருவரைக் குலுக்கி எடுத்தால் நூற்றுக்கு ஏறத்தாழ 69 முறை புதிய முறை மாணவர் முந்துவார். ஆனால் பி-மதிப்பு 0.10. அவர் சோர்ந்துபோய், 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனவே இம்முறை பயனளிக்கவில்லை' என்று எழுதிவிடுகிறார். அந்த இயல் அத்துடன் முடிந்துவிடுகிறது.

இதுவும் முன்னதைப் போன்ற பிழைதான். திசை மட்டும் வேறு. அவருடைய நம்பக இடைவெளி கழித்தல் 1.2 முதல் 12.4 வரை. பூச்சியம் அதற்குள் இருக்கிறது, உண்மைதான். ஆனால் ஆசிரியர்கள் கேட்ட 5 சொல்லும் அதற்குள் இருக்கிறது. அதைப்போல் இருமடங்கும் இருக்கிறது. 'பயனில்லை' என்று சொல்ல இந்தத் தரவுக்கு உரிமை இல்லை. 'தெரியவில்லை' என்று சொல்லவே உரிமை உண்டு. முதல் ஆய்வேட்டில் மேல்முனை 5ஐ எட்டாததால் 'போதாது' என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. இங்கே அது முடியாது. இவ்விரு முடிவுகளையும் பி-மதிப்பை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தினால் முதலாவது வெற்றி, இரண்டாவது தோல்வி. வகுப்பறையைக் கருதினால், மேலும் ஆராயத் தகுதியுடையது இரண்டாவதே.

அதற்காக 5.6ஐ அப்படியே நம்பிவிடவும் கூடாது. குழுவுக்கு 12 பேர் கொண்ட ஆய்வில், வேறுபாடு 6.8 சொல்லைத் தொட்டால்தான் பொருண்மை கிடைக்கும். அப்படியானால், இத்தகைய சிறு ஆய்வுகளில் 'வெற்றி' பெற்று அச்சேறுபவை எல்லாம் 6.8க்கு மேற்பட்டவையாகவே இருக்கும். உண்மை விளைவு 5 சொல்லாக இருந்தாலும், அச்சில் நாம் காண்பது ஏழும் எட்டும். சிறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும்போது முறைகள் எல்லாம் வியப்பூட்டும் அளவுக்குப் பயன் தருவதாகத் தோன்றுவதற்கு இது ஒரு காரணம்.

இம்மாணவி கலந்துரையாடலில் எழுதவேண்டியது இது:

'புதிய முறையில் பயின்றவர்கள் சராசரியாக 5.6 சொற்களைக் கூடுதலாக எழுதினர். ஆயினும் நம்பக இடைவெளி கழித்தல் 1.2 முதல் 12.4 வரை விரிந்திருப்பதால், இம்முறை சிறிதும் பயனற்றதா, பெரும்பயன் உடையதா என்பதை இவ்வாய்வால் முடிவுசெய்ய இயலவில்லை. ஆசிரியர்கள் எதிர்பார்க்கும் 5 சொல் வேறுபாடு உண்மையில் இருக்குமாயின், அதனைப் பத்தில் எட்டு முறையேனும் கண்டறிய குழுவுக்கு ஏறத்தாழ 42 மாணவர்கள் தேவை.'

அந்த 42 என்னும் எண், ஐந்து விழுக்காட்டு எல்லை, திட்ட விலக்கம் 8, வேறுபாடு 5 என்பவற்றிலிருந்து கணக்கிட்டது. பல பள்ளிகளிலிருந்து மாணவர்களைத் திரட்டினால் இன்னும் கூடும். இதனை ஆய்வுக்கு முன்பே கணக்கிட்டிருந்தால், 12 பேரைக் கொண்டு இவ்வினாவுக்கு விடை காண்பது அரிது என்பது தொடக்கத்திலேயே தெரிந்திருக்கும். நெறியாளர்களாகிய நாம் அதைச் சொல்லியிருக்கவேண்டும். பல வேளைகளில் நாம் சொல்வதில்லை. மாணவர் கிடைப்பதே அரிதாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம்.

ஒரு சிறு குறிப்பு. எஸ்.பி.எஸ்.எஸ். திரையில் `.000` என்று வந்தால், பி-மதிப்பு பூச்சியம் என்று எழுதாதீர்கள். 0.0005க்கும் கீழே என்பதே அதன் பொருள். மென்பொருள் மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறது. வழக்கமாக 0.001க்கும் குறைவு என்று எழுதுவோம். அவ்வாறு எழுதியபின், அந்த வாக்கியத்திலேயே வேறுபாடு எத்தனை சொல், எத்தனை மதிப்பெண், எத்தனை நொடி என்பதையும் எழுதிவிடுங்கள்.

உங்கள் கையில் இப்போது ஆய்வேடு இருந்தால், கலந்துரையாடல் இயலில் 'குறிப்பிடத்தக்க' என்னும் சொல் வரும் இடங்களையெல்லாம் வட்டமிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் அருகில் அளவையின் அலகு இருக்கிறதா, நம்பக இடைவெளி இருக்கிறதா, எதனோடு ஒப்பிட்டு அது பெரிது அல்லது சிறிது என்கிறீர்கள் என்பது இருக்கிறதா என்று நோக்குங்கள். அன்று என் ஆய்வேட்டில் புறத்தேர்வாளர் சிவப்பு மையால் அவ்வாறுதான் வட்டமிட்டிருந்தார். பதினேழு வட்டங்கள், அவற்றுள் இரண்டின் அருகில் மட்டுமே மில்லிநொடி எழுதியிருந்தேன். திருத்திக் கொடுக்க எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.